ரீசெட் செய்த பிறகும் பழைய ரவுட்டரில் TR-069 முகவரி போகவில்லை, உதவி தேவை

வணக்கம். கைமாறி வந்த ரவுட்டர் ஒன்றைப் பயன்படுத்தும் முன் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இணையக் கேபிளைச் செருகாமல், விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரியும்வரை ரீசெட் துளையை அழுத்திப் பிடித்தேன். பிறகு லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து 192.168.1.1 பக்கத்தைத் திறந்தால், முந்தையவரின் வைஃபை பெயர், PPPoE பயனர்பெயர், போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போயிருக்கின்றன. டிஎன்எஸ்ஸிலும் யாரும் முகவரி எழுதி வைக்கவில்லை.

ஆனால் TR-069 பக்கத்தில் பழைய இணைய நிறுவனத்தின் ACS URL அப்படியே நிற்கிறது. நிறுவனம் அதை ஃபர்ம்வேரிலேயே பதித்திருந்தால் ரீசெட் அதற்கேதான் திரும்பும், அது புரிகிறது. ரவுட்டர் அந்த சர்வரோடு பேச ஆரம்பித்தால், அங்கிருந்தே அமைப்புகளை மாற்றலாம், புது ஃபர்ம்வேரும் ஏற்றலாம் என்பதுதான் கவலை. Enable டிக்கை எடுத்துச் சேமித்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப வந்துவிடுகிறது.

ACS URL-ஐ `http://127.0.0.1` என்று மாற்றி வைத்தவர்கள் யாராவது உண்டா, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நின்றதா? தயாரிப்பாளரின் பொது ஃபர்ம்வேரை ஏற்றுவதுதான் வழி என்றால், அடி லேபிளில் உள்ள ஹார்ட்வேர் வெர்ஷன் பொருந்தினால் போதுமா? நிறுவனப் பதிப்புக்கு ஃபிளாஷ் பிரிவுகள் வேறாக இருந்து ரவுட்டர் எழாமல் போகுமோ என்று தயங்குகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.