பாக்கியம் அத்தை போனில் எல்லாம் காணோம்

*சுங்கை சிப்புட் குடும்பம்*

ரேவதி: அத்தை போனில் வாட்சாப் திறந்தால் புது போன் மாதிரி நம்பர் கேட்கிறது. பழைய பேச்சு ஒன்றும் இல்லை. ஞாயிறு மாமாவின் 16ஆம் நாள். சாப்பாட்டுக்காரரிடம் பேசியதெல்லாம் அதில்தான்.

முனியாண்டி சித்தப்பா: ஹேக்! போலீசில் ரிப்போர்ட் போடு.

சரசு பெரியம்மா: எனக்கும் போன வாரம் படம் இறங்கவில்லை. மெமரி ஃபுல் என்றான் கடைக்காரன்.

குமார்: நம்பர் போட்டு பேக்கப் எடு. வந்துவிடும்.

கவிதா: நம்பர் போடாதே ரேவதி! கேலரியில் மாமா படங்கள் இருக்கிறதா? முகப்பில் முருகர் படம்?

ரேவதி: கேலரியில் போன வாரம் அத்தை எடுத்த நாலைந்து மட்டும். முருகர் இல்லை, ஏதோ மலை.

கவிதா: அப்போது எதுவும் அழியவில்லை. வாட்சாப் மட்டும் கெட்டிருந்தால் படங்களும் முருகரும் அப்படியே இருக்கும். யாரோ போனில் இன்னொரு யூசர் சேர்த்திருக்கிறார்கள், அத்தை அதற்குள் நிற்கிறார். லயத்து வீடு மாதிரி, கூரை ஒன்று, கதவு வேறு. ஒரு பக்கத்து வாட்சாப்பும் படமும் மறுபக்கத்துக்குத் தெரியாது.

குமார்: பேக்கப் எடுத்தால் என்ன தப்பு?

கவிதா: பேக்கப் அத்தையின் கூகுள் கணக்கில் இருக்கிறது. இந்தப் பக்கம் அந்தக் கணக்கே இருக்காது, என்ன கிடைக்கும்? நம்பரை இங்கே பதிந்தால் அந்தப் பக்கத்து வாட்சாப் வெளியேறிவிடும். அப்புறம் ஞாயிறு வரை வருகிற செய்தியெல்லாம் இங்கேதான் விழும்.

முனியாண்டி சித்தப்பா: யார் சேர்த்தது?

சரசு பெரியம்மா: தர்ஷன் பள்ளி விடுமுறையில் கேம் விளையாடினானே

ரேவதி: எல்லாவற்றுக்கும் என் பிள்ளைதானா?

கவிதா: சண்டை அப்புறம். மேலிருந்து திரையை இரண்டு தடவை இழு. ஆள் தலை போட்ட சின்ன வட்டம் இருக்கும். அழுத்தினால் பெயர்கள் வரும். `Owner` அல்லது அத்தை பெயரைத் தொடு. அத்தையின் பழைய பின் நம்பரைக் கேட்கும்.

ரேவதி: முருகர் வந்துவிட்டார்!! எல்லாம் இருக்கிறது. மாமாவின் குரல் செய்தியும். அத்தை அழுகிறார்.

முனியாண்டி சித்தப்பா: அந்த இன்னொன்றை இப்போதே அழி.

கவிதா: அவசரப்படாதீர்கள் சித்தப்பா. அழித்தால் அதற்குள் இருப்பதும் சேர்ந்து போகும், திரும்ப வராது. அத்தை எடுத்த படங்கள் அங்கேதானே இருக்கின்றன. முதலில் அந்தப் பக்கம் போய் வேறொரு போனுக்கு புளூடூத்தில் அனுப்பு.

ரேவதி: தர்ஷன் கேமும் போய்விடுமா? கேட்கிறான்.

சரசு பெரியம்மா: பார்த்தாயா 😄

குமார்: சாப்பாடு எத்தனை பேருக்கு?

ரேவதி: சாட்டில் 120. சித்தப்பா வீட்டு ஆட்களைச் சேர்க்கவில்லை.

முனியாண்டி சித்தப்பா: கல்யாணத்துக்கும் அப்படித்தான் விட்டீர்கள்.

சரசு பெரியம்மா: முனியாண்டி...

குமார்: 130 சொல்லலாமா?

ரேவதி: அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன். தர்ஷன் இன்னும் போனைக் கொடுக்கவில்லை.