சென் கணக்கில் எங்கே ரவுண்ட் செய்வது?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடைக்கு ஜாவாஸ்கிரிப்டில் பில் போடும் பக்கம் எழுதுகிறேன். 0.1, 0.2 இரண்டும் பைனரியில் முடிவில்லாமல் நீளும் பின்னங்கள். 64 பிட்டில் அவை ரவுண்ட் ஆவதால் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. அதனால் விலையை முழு எண்ணாக, சென்னில் வைத்திருக்கிறேன். ரிங்கிட்டைச் சென்னாக்கும்போது வெறுமனே பெருக்கினால் போதாது:

```js
4.35 * 100             // 434.99999999999994
Math.round(4.35 * 100) // 435
```

சிக்கல் எடைபோட்டு விற்கும் பொருளில்தான். கிலோ 12.90 ரிங்கிட் பருப்பு 350 கிராம்:

```js
1290 * 350 / 1000 // 451.5
```

இதை வரிக்கு வரி ரவுண்ட் செய்தால் இரண்டு பொட்டலம் 904 சென், கடைசியில் செய்தால் 903. ரொக்கத்துக்கு 5 சென் ரவுண்டிங்கில் இரண்டுமே 905 ஆகிவிடும். இ-வாலட்டில் ஒரு சென் இடிக்கும். பில்லில் அச்சாகும் வரிகளைக் கூட்டினால் மொத்தம் சரியாக வர வேண்டுமே, அதனால் வரிக்கு வரி செய்வதே முறை என நினைக்கிறேன். கடைக்கு பில் சிஸ்டம் எழுதியவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? தள்ளுபடியை ரவுண்டுக்கு முன் கழிப்பதா, பின்பா?