‘க’ தட்டினால் என்ன வர வேண்டும்? தடைக்காலத்தில் தேடல் பரிந்துரையோடு பட்ட பாடு

பாம்பன் காற்று

ராமநாதபுரத்தில் மீனும் கருவாடும் வீட்டுக்கு அனுப்பும் ஒரு சின்னச் செயலிக்கு வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். தேடல் பெட்டியில் ஓர் எழுத்து தட்டியதும் கீழே ஆறு பரிந்துரைகள் விழுமே, அது என் பொறுப்புக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். நாட்டுப்படகு மட்டும் போகும். கணவாய் வரத்து அடியோடு விழுந்தது. ஆனால் எங்கள் பெட்டியில் ‘க’ தட்டினால் முதலில் கணவாய், அப்புறம் கணவாய் சுத்தம் செய்தது, அதற்கும் கீழே கணவாய் வறுவல் துண்டு. ஜனங்கள் தேடிக்கொண்டிருந்ததோ கருவாடு. அது ஆறுக்குள்ளேயே இல்லை.

காரணம் எளிது. செயலி தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பேர் தேடினார்கள் என்ற மொத்தக் கூட்டலை வைத்துத்தான் வரிசை போட்டிருந்தார்கள். பழைய எண்ணிக்கை கரையவே கரையாது. அதனால் ஒவ்வொரு தேடலின் எடையும் நாளாக ஆகப் பாதியாகும்படி மாற்றினேன்:

```
score = score * 2^(-dt / H) + 1
```

`dt` என்பது கடைசியாகத் தொட்டதிலிருந்து ஆன நாள்கள். `H` என்பது எடை பாதியாகும் காலம். உருண்டை எண்ணில் சொல்கிறேன். கணவாய்க்கு நாளுக்கு 100 தேடல் வந்துகொண்டிருந்து, தடை தொடங்கியதும் 10 ஆனது என்று வையுங்கள். கருவாடு 5-லிருந்து 60-க்கு ஏறியது. `H` 7 நாளாக இருந்தால் கருவாடு கணவாயைத் தாண்ட 11 நாள் பிடிக்கும். 2 நாளாக வைத்தால் மூன்று நாள் கழிந்ததும் தாண்டிவிடும்.

சரி, 2 என்று வைத்தேன். கருவாடு மேலே வந்தது. கூடவே யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து பத்துத் தடவை தேடிய ‘கடல் பாசி’யும் காலையில் ஆறுக்குள் வந்துவிட்டது! இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? மற்றவர்கள் பட்டதையும் எழுதுங்கள்.

உப்பளத்தான்

அண்ணே, சொற்களை எழுத்தெழுத்தாகக் கிளை பிரித்து வைக்கும் ட்ரை மரம் போட்டிருக்கிறீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே. நான் இப்போது நேர்முகத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் ட்ரைதான் விடை. ஒவ்வொரு கணுவிலும் மேலே வர வேண்டிய சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். கேள்வி வந்ததும் கணு வரை நடந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. அது இல்லாமல் வேகம் வராது.

தொண்டிக்காரி

தம்பி உப்பளத்தான், முன்கூட்டியே எழுதி வைப்பது என்பது சரி. ட்ரை இல்லாமல் வேகம் வராது என்பது சரியில்லை. மீன் கடையில் மூவாயிரம் சொல் இருந்தால் அதிகம். அவற்றை அகர வரிசையில் ஓர் அரேயில் போட்டு பைனரி தேடல் நடத்தினால், ‘கண’ எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டும் தலா சுமார் பன்னிரண்டு ஒப்பீட்டில் தெரிந்துவிடும். ட்ரையில் ஒவ்வொரு கணுவும் சுட்டிகளைச் சுமக்கும். சொல் கோடிக்கணக்கில் போனால் ட்ரையையும் அப்படியே வைக்க மாட்டோம், முன்னொட்டு பின்னொட்டு இரண்டையும் பகிரும் எஃப்எஸ்டி என்ற சுருக்க அமைப்பைப் போடுவோம். லூசீன் என்ற தேடல் மென்பொருளின் பரிந்துரைப் பகுதியிலும் அது உண்டு.

அரேயில் ஒரே ஒரு சிக்கல். ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு நானூறு சொல் சிக்கும், அதில் மேல் ஆறை ஒவ்வொரு முறையும் பொறுக்க வேண்டும். ஓரெழுத்து, ஈரெழுத்து முன்னொட்டுகளுக்கு மட்டும் விடையை முன்பே கணக்கிட்டு வைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. நீளமான முன்னொட்டுக்கு மிஞ்சிப்போனால் இருபது சொல்தான் இருக்கும், அங்கேயே வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

பாம்பன் தம்பிக்கு: கடல் பாசி ஏறியதற்கு `H`-ஐக் குறை சொல்லாதீர்கள். ஒரு ஆள் ஒரு நாளில் ஒரு சொல்லை எத்தனை முறை தேடினாலும் ஒன்று என்றே எண்ணுங்கள். அதோடு, பெட்டியில் விழும் ஒவ்வொரு தட்டலையும் பதிவில் சேர்க்கிறீர்களா என்று பாருங்கள். ‘கரு’, ‘கருவ’, ‘கருவா’ என்று பாதிச் சொற்களெல்லாம் தேடலாக எண்ணப்பட்டு, அப்புறம் அவையே பரிந்துரையாக வந்து நிற்கும். தேடி முடித்ததை மட்டும் எண்ண வேண்டும்.

இன்னொன்று. கணக்கைத் தினமும் எல்லாச் சொல்லுக்கும் கரைக்க வேண்டிய அவசியமில்லை. எல்லாமே ஒரே விகிதத்தில் கரைவதால் புதிய தேடல் வராதவரை வரிசை மாறாது. பழையதைக் குறைப்பதற்குப் பதிலாகப் புதியதைப் பெரிதாக்குங்கள். தேடல் விழும்போது 1-க்குப் பதில் `2^(t/H)` கூட்டினால் போதும், `t` என்பது ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாள்கள். `H` 2 என்றால் ஐந்தரை வருடத்தில் `double` நிரம்பிவிடும். அதற்குள் ஒரு தடவை தொடக்க நாளை நகர்த்தி, எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துவிடுங்கள்.

கருவாட்டுக்கடை, தங்கச்சிமடம்

கருவாடு மேலே வர வேண்டும் என்று பேசுகிறீர்கள், சந்தோஷம். எங்கள் கடைப் பெயர் முதலில் வர எவ்வளவு கட்ட வேண்டும்? நெத்திலிக் கருவாடு, திருக்கைக் கருவாடு, மாசி எல்லாம் இருக்கிறது.

பாம்பன் காற்று

அண்ணாச்சி, இது விளம்பரம் இல்லை, எழுத்து தட்டினால் சொல் காட்டுகிற சமாச்சாரம். ஆனால் கேட்டீர்களே, ஒன்று சொல்லுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் `nethili` என்று தட்டுவார்களா, நெத்திலி என்று தட்டுவார்களா?

கருவாட்டுக்கடை, தங்கச்சிமடம்

வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான். `nethili`, `nethli`, `neththili` எல்லாம் வரும். என் மகன் ஃபோனில் தமிழில் அடிப்பான், அதுவும் ஆங்கிலப் பலகையில் தட்டித் தமிழாக மாற்றுவான். உங்கள் செயலியில் அவன் ‘நெத்த்’ வரை அடித்தால் ஒன்றும் காட்டவில்லை என்று திட்டினான். இது வேறு ஊர்க்காரர் செய்ததோ என்று நினைத்தேன்.

தொண்டிக்காரி

அண்ணாச்சி மகன் சொன்னது முக்கியமான விஷயம். அந்தப் பலகையில் `n` தட்டியதும் ‘ந்’ அல்லது ‘ன்’ வரும், அடுத்த உயிரெழுத்து தட்டிய பிறகுதான் புள்ளி போகும். பல செயலிகள் அந்த இடைப்பட்ட ‘ந்’ஐயே முன்னொட்டாகத் தேடும். அப்படித் தொடங்கும் சொல் தமிழில் ஏது? பெட்டி காலியாகும், அடுத்த தட்டலில் திரும்ப நிறையும், பார்க்கக் கண் கூசும். கேள்வியின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை உதறிவிட்டுத் தேடுங்கள்.

கொடுவா இன்னொரு பொறி. ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சரக்குப் பட்டியலில் இரண்டு குறியாக இருந்தால், ‘கொ’ தட்டுகிறவனுக்குக் கொடுவா கிடைக்கவே கிடைக்காது. சொல்லையும் கேள்வியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்:

```python
import unicodedata

def word_key(s):
    return unicodedata.normalize("NFC", s.strip())

def query_key(s):
    return word_key(s).rstrip("\u0bcd")
```

‘நெத்த்’ இப்போது ‘நெத்த’ ஆகிறது. நெத்திலி உள்ளே ந, ெ, த, ், த, ி என்று போவதால் முன்னொட்டுப் பொருந்திவிடும். புள்ளி இல்லாத வேறு சொற்களும் கூட வரும், அதைத் தரவரிசை பார்த்துக்கொள்ளும். `nethili`, `nethli` இரண்டையும் தனிச் சாவிகளாக வைத்து ஒரே நெத்திலியைச் சுட்டச் செய்யுங்கள். எண்ணிக்கை மட்டும் நெத்திலி என்ற ஒன்றிலேயே சேரட்டும், இல்லாவிட்டால் எடை மூன்றாகச் சிதறும்.

கீழக்கரை காக்கா

நான் திரைப்பக்கம் எழுதுகிறவன், எனக்கு வந்த வழக்கு வேறு. வாலிநோக்கம் பக்கம் போனால் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும். ஒருவர் ‘கண’ என்று தட்டி நிறுத்திவிட்டார். ‘கண’வுக்கான விடை முதலில் வந்தது, ‘க’வுக்கான விடை தாமதமாக வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. பெட்டியில் ‘கண’, கீழே காரலும் கருவாடும். சர்வரில் தேடினால் ஒரு பிழையும் தெரியாது.

விடையோடு எந்த முன்னொட்டுக்கு அது என்பதையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். பெட்டியில் இப்போது இருக்கும் எழுத்தோடு பொருந்தாத விடையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். தட்டல் ஓய்ந்து 150 மில்லிசெகண்ட் கழித்துத்தான் கேள்வி அனுப்புவேன், அதிலேயே பாதிப் போக்குவரத்து குறைந்தது.

பாம்பன் தம்பி, ‘க’வுக்கான விடையை நடுவில் எங்காவது கேஷ் செய்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். கணக்கு மாறியும் பழைய பட்டியலே வந்தால் பெரும்பாலும் அதுதான்.

பாம்பன் காற்று

பார்த்தேன் காக்கா. ஓரெழுத்து விடைகளை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடமாகக் குறைத்தேன். அதிகம் தட்டப்படும் எழுத்துகள் கொஞ்சம்தான், அதனால் சர்வருக்குச் சுமை ஏறவில்லை.

அப்புறம் அக்கா சொன்னபடி ஆளுக்கு ஒன்று என்று எண்ணி, `H`-ஐ 3 ஆக்கினேன். வரிசை அடங்கியது. ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டது. தடைக்காலத்திலும் கணவாய் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். தேடல் எண்ணிக்கை ஆசையைச் சொல்கிறது, சரக்கைச் சொல்லவில்லை. இரவில் ஒருமுறை கட்டும் பட்டியல் இதற்கு உதவாது. அதனால் இருப்புக் கணக்கைத் தனியாக நினைவகத்தில் வைத்து, விடை கொடுக்கும் நொடியில் இல்லாததை நீக்கினேன். உடனே வேறு கோளாறு வந்தது. ‘க’வுக்கு எட்டுச் சொல்தான் முன்பே எழுதி வைத்திருந்தது, அதில் ஆறு கணவாய் வகை. நீக்கியதும் இரண்டுதான் மிஞ்சியது.

தொண்டிக்காரி

முப்பது வைத்துக்கொண்டு ஆறு காட்டுங்கள். வடிகட்டல் கடைசியில் நடக்கிறது என்றால் முன்னால் தாராளமாக வைக்க வேண்டும்.

நீக்குவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். கணவாய் தேடுகிறவர் ‘கணவாய்’ என்று முழுக்க அடித்தும் பெட்டி ஒன்றும் காட்டாவிட்டால், செயலி பழுது என்றுதான் நினைப்பார். நானாக இருந்தால் கீழே தள்ளி, பக்கத்தில் ‘தடைக்காலம்’ என்று போடுவேன்.

உப்பளத்தான்

அக்கா, ஒரு சந்தேகம். பரிந்துரையைத் தொட்டுத் தேடியதையும் எண்ணுகிறோம் இல்லையா? முதலில் நிற்பதைத்தான் எல்லாரும் தொடுவார்கள். தொட்டதால் அது முதலிலேயே நிற்கும். கீழே தள்ளினால் தொடுவது குறைந்து தானாகச் சாகும். ஜூன் 15 படகு கடலுக்குப் போய், கணவாய் கரைக்கு வரும் அன்று எப்படி மேலே ஏறும்?

தொண்டிக்காரி

நல்ல கேள்வி தம்பி, அது ட்ரையில் இல்லை! தொட்டுத் தேடியதற்குக் குறைந்த எடையும், முழுக்கத் தட்டித் தேடியதற்கு முழு எடையும் கொடுப்பது ஒரு வழி. எவ்வளவு குறைப்பது என்பதற்கு எங்கள் அலுவலகத்திலேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

கீழக்கரை காக்கா

சரக்கு ஏறிய அன்று ஒரு தள்ளு கொடுத்தால் போதாதா? தடைக்கு முந்தைய வார எண்ணிக்கையை எடுத்து வைத்திருந்து, இருப்பு பூஜ்ஜியத்திலிருந்து ஏறியதும் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தொண்டிக்காரி

பத்துக் கிலோ கணவாய் மட்டும் வந்த அன்றும் அது முதலிடத்துக்கு ஏறுமே காக்கா. காலை எட்டு மணிக்குத் தீர்ந்துபோகும்.

கருவாட்டுக்கடை, தங்கச்சிமடம்

தம்பி பாம்பன், என் மகன் இப்போது ‘நெத்த்’ அடித்தால் நெத்திலி வருகிறதாம். ஆனால் பச்சை நெத்திலி முதலில் வருகிறது, கருவாடு ஐந்தாவதாக இருக்கிறது. அதற்கு யாரிடம் பேச வேண்டும்?