டாலரன்ஸுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? ரப்பர்பால் கணக்குல வந்த சந்தேகம்

குலசேகரத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கத்துல ரப்பர்பால் சேகரிக்கிற ஒரு சின்ன சங்கத்துக்கு தமிழ்லயே ஒரு எக்செல் ஷீட் பண்ணிக்கிட்டு இருக்கேன், ஒரு பக்கம் சங்கத்துக்க பதிவு, இன்னொரு பக்கம் பால் வாங்குற கம்பெனி மாசாமாசம் அனுப்புற ஸ்டேட்மென்ட், ரெண்டையும் பில் நம்பர் வச்சு ஒத்துப்பாக்கணும். சிக்கல் என்னன்னா ஒரு வரியத் தவிர எதுவும் பைசா சுத்தமா ஒக்கமாட்டேங்குது. உதாரணத்துக்கு ஒரு பில்: பால் 23.4 கிலோ, பால்ல உள்ள உலர் ரப்பர் பங்கு, அதாவது டிஆர்சி, 34.5 சதவீதம், அப்பம் உலர் ரப்பர் 8.073 கிலோ. ரேட் 187 ரூபாய்னு வச்சா எங்க கணக்குல 1509.65. அவங்க ஸ்டேட்மென்ட்ல 1509.09. வித்தியாசம் 56 பைசா. சமமான்னு கேட்டா 62 வரில 61 வரி சிவப்பா நிக்குது, எதப் பாக்க எத விடன்னு தெரியல.

அதனால "இவ்வளவுக்குள்ள வித்தியாசம் இருந்தா ஒத்துப்போச்சுன்னு எடுத்துக்கோ"ன்னு ஒரு கட்டம் வச்சு அதுல 2 ரூபாய் போட்டேன், எல்லாம் பச்சை ஆயிட்டு. அந்தக் கட்டத்துக்கு மேல எழுததுக்கு இங்கிலீஷ்ல டாலரன்ஸ்னு சொல்லுவாங்க, தமிழ்ல என்ன எழுத? சங்கத்துல கணக்கு பாக்குற அக்கா ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அவங்களுக்குப் பாத்தவுடனே புரியணும்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, நல்ல கேள்வி. இயந்திரவியல் கலைச்சொல் பட்டியல்கள்ல இதுக்கு "பொறுதி"ன்னு போட்டிருக்கும், கடைசல் வேலைல அச்சு இவ்வளவு கூடலாம் குறையலாம்னு சொல்லதுக்கு. சிலபேரு "சகிப்பு"ம்பாங்க, எனக்கு அது பிடிக்கல, அது மனுசனுக்கு மனுசன் காட்டுற குணம், கணக்குக்கு ஒட்டாது. நம்ம பாஷைலயே "இம்மியும் பிசகாம"ன்னு சொல்லோம்லா, அந்த இம்மி பழைய கீழ்வாய் இலக்கத்துல உள்ள ஒரு அளவு, முந்திரிங்கது 320ல ஒரு பங்குன்னா இம்மி அதவிட ஒருபாடு கீழ. பிசகுனாலும் இம்மிதான் பிசகலாம்னு சொல்லத மாதிரி "இம்மி வரம்பு"ன்னு வச்சா அழகா இருக்கும். 35 வருசம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், என் யோசனை இதாக்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

சொல்லே தேவையில்ல அண்ணே. ரெண்டு பக்கமும் ரெண்டு தசமத்துக்கு ரவுண்ட் பண்ணிட்டு சமமான்னு கேளுங்க, முடிஞ்சு. கம்ப்யூட்டருக்குள்ள தசம எண் பைனரியாத்தான் இருக்கு, அதனால 0.1ம் 0.2ம் கூட்டினா சுத்தமா 0.3 வராது, அந்தத் தூசியத் தட்டிவிட ரவுண்ட் போதும். நான் பில்லிங் சாஃப்ட்வேர்ல வேலை பாக்கேன், நாங்க அப்படித்தான் செய்யோம்.

குளச்சலிலிருந்து:

எனக்கும் இதே பிரச்சினைதான். எங்க மீன்பிடி போட்டுக்க கணக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டோட எப்பமும் 5 ரூபா 90 பைசா ஒக்காது, மூணு மாசத்துக்கு ஒருக்க வருது. நானும் ஒரு 10 ரூபாய் போட்டு விட்டுரலாமா? சொல்லுக்கு எனக்க பங்கு, "சேதாரம்"னு வையுங்க, வடசேரில நகைக்கடைல அதத்தான சொல்லுவாங்க.

தக்கலையிலிருந்து:

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல 18 வருசமா இந்த ஒத்துப்பாக்குற வேலையத்தான் செய்யேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

முதல்ல குளச்சல் அண்ணே, உங்களுக்க 5.90 இதுல சேராது. அந்தத் தொகையப் பாத்தா 5 ரூபாய் கட்டணமும் அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 90 பைசாவும் போல இருக்கு, அனேகமா எஸ்எம்எஸ் சார்ஜா இருக்கும், ஸ்டேட்மென்ட்ல அந்தத் தேதில தனி வரியா நிக்குதான்னு பாருங்க. அது வித்தியாசம் இல்ல, உங்க நோட்டுல எழுதாம விட்ட பதிவு. எழுதிட்டா ஒத்துப்போவும். 10 ரூபாய் போட்டு மறைச்சீங்கன்னா நாளைக்கு வேற ஒரு 8 ரூபாயும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். சேதாரம்ங்கதும் வேண்டாம், அது கஸ்டமர்கிட்ட காசா வாங்குறது, இங்க யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கல.

மார்த்தாண்டம் தம்பி சொன்னதுல பாதி சரி. தூசி இருக்கது உண்மை, ஆனா ரவுண்ட் பண்ணினா தட்டிப் போவும்ங்கது எப்பமும் நடக்காது. ஒரு பக்கம் 10.0049, இன்னொரு பக்கம் 10.0051, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பைசால அம்பதுல ஒரு பங்குதான் இருக்கு, ரவுண்ட் பண்ணினா ஒண்ணு 10.00, மத்தது 10.01, மறுபடியும் ஒக்கல. ரவுண்ட் பண்றது வேலி போடது மாதிரி, வேலிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி நிக்கவன் பக்கத்துல பக்கத்துல நின்னாலும் வேற வேற விளைல நிப்பான். வித்தியாசத்தக் கழிச்சுப் பாத்து அது வரம்புக்குள்ள இருக்கான்னு கேட்டாத்தான் சரி. அதுலயும் ஒரு பொறி உண்டு, இத போட்டுப் பாருங்க:

```
=ABS(100.01-100)<=0.01
```

சரியா ஒரு பைசாதான் வித்தியாசம், ஆனா FALSEன்னு வரும், ஏன்னா உள்ள கழிச்சது 0.0100000000000051 மாதிரி நிக்கும். அதனால வரம்பு ஒரு பைசான்னா 0.015ன்னு வைக்கணும், இல்லன்னா ரெண்டு பக்கத்தையும் பைசா முழு எண்ணா மாத்திக்கணும்:

```
=ABS(ROUND(B2*100,0)-ROUND(C2*100,0))<=1
```

இப்பம் குலசேகரம் தம்பிக்கு. 2 ரூபாய்ங்கத எங்கிருந்து எடுத்தீங்க? எல்லாம் பச்சையாகுற வரைக்கும் கூட்டிக்கிட்டே போனீங்களா? அப்படின்னா அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. வரம்பு காரணத்துலருந்து வரணும். அவங்க 1509.09ன்னு போட்டிருக்கது 8.07 தடவ 187, அதாவது உலர் கிலோவ முதல்லயே ரெண்டு தசமத்துக்குக் குறுக்கிட்டுப் பெருக்கியிருக்காங்க. நியாயமா ரவுண்ட் பண்ணியிருந்தா ஒரு வரில கிலோ கூடியபட்சம் 0.005தான் விலகும், அதோட 187ப் பெருக்கினா 93.5 பைசா, கடைசில தொகைய பைசாவாக்குறதுக்கு இன்னும் ஒரு அரை பைசா. ஆக 94 பைசாவுக்கு மேல ஒரு வரி கூட போவக்கூடாது. உங்களுக்கு 2 ரூபாய் தேவைப்பட்டுதுன்னா வேற ஏதோ நடக்குது. 94 போட்டுப் பாருங்க, வித்தியாசத்த கூட்டல் கழித்தல் குறியோட எழுதி மொத்தத்தையும் சொல்லுங்க.

குலசேகரத்திலிருந்து:

அக்கா, சொன்ன மாதிரி செஞ்சேன். 94 பைசா போட்டதும் பாதி வரி திரும்பவும் சிவப்பு. ஒண்ணு சுத்தமா ஒத்துருக்கு, மிச்ச 61ம் எங்களுக்குக் குறைவாவே இருக்கு, ஒண்ணு கூட கூடுதல் இல்ல. மொத்தம் 57 ரூபாய் 32 பைசா. ஒரு வரி மட்டும் எடுத்துக்காட்டுறேன், 31.2 கிலோ, டிஆர்சி 33.8, உலர் ரப்பர் 10.5456. எங்களுக்கு 1972.03, அவங்க 1970.98, ஒரு ரூபாய் அஞ்சு பைசா குறைவு.

தக்கலையிலிருந்து:

அதுதான், அந்த ஒரு வரிலயே தெரியுதுல்ல. 10.5456 நியாயமா ரவுண்ட் ஆனா 10.55, தொகை 1972.85, உங்களுக்கு 82 பைசா கூடுதலா வந்திருக்கணும். அவங்க 10.54ன்னு போட்டிருக்காங்க. ரவுண்ட் பண்ணல, மூணாவது தசமத்துலருந்து வெட்டி எறிஞ்சிருக்காங்க. வெட்டினா ஒரு வரிக்கு 1.87 வரைக்கும் போவும், அதனாலதான் 2 ரூபாய் போட்டப்பம் எல்லாம் பச்சையாச்சு. சராசரி ஒரு வரிக்கு 93 பைசாகிட்ட, 62 வரிக்கு 58 ரூபாய்கிட்ட, உங்களுக்க 57.32 அங்கதான் வந்து நிக்குது. உண்மையான ரவுண்டிங்னா கொஞ்சம் கூடும் கொஞ்சம் குறையும், ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு மொத்தம் அனேகமா நாலஞ்சு ரூபாய்க்குள்ள அடங்கும்.

யாரும் வேணும்னு செஞ்சாங்கன்னு நான் சொல்லல, சாஃப்ட்வேர்ல ஒரு செட்டிங் அப்படி இருக்கலாம். எழுதிக் கேளுங்க, மூணு பில்லு எடுத்துக்காட்டா வச்சு அனுப்புங்க.

நாகர்கோவிலிலிருந்து:

அம்மா, கண்ணு தெறந்து வச்சீங்க. ஆனா இப்பம் பாத்தா "இம்மி" தப்போன்னு எனக்கே தோணுது. பேரே இம்மின்னு இருந்தா படிக்கவங்க சின்னது தானேன்னு விட்டுருவாங்க, 57 ரூபாய் போனது அப்படித்தான? பொறுதிக்கும் நம்ம ஊர்ல வேற வாசனை உண்டு, "பொறுதி முட்டிப்போச்சு"ன்னு கஷ்டத்துக்குல்லா சொல்லுவோம்.

தக்கலையிலிருந்து:

சார், எனக்கு அதுதான் பயம். பேரு மன்னிக்கிற மாதிரி இருக்கக்கூடாது. இது காச விட்டுக்கொடுக்கது இல்ல, கண்ணுல படுற வரியக் குறைக்கதுக்கு மட்டும்தான். வரம்புக்குள்ள வந்த வித்தியாசமும் எங்கயாவது நிக்கணும், நாங்க ரவுண்டிங் கணக்குன்னு தனியா ஒரு தலைப்புல போட்டு மாசக் கடைசில மொத்தத்தப் பாப்போம், அது ஒரே பக்கமா ஏறினா உடனே தெரியும். அனாமத்துல தூக்கிப் போட்டா வேற பத்து விசயத்தோட கலந்து போவும்.

ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்துல வங்கிச் சரிகட்டும் பட்டியல்னு ஒரு பாடம் உண்டு, அந்த அக்கா அத வாசிச்சிருப்பாங்க. ஆனா சரிகட்டுறதுன்னா ஊர்ல வேற அர்த்தமும் இருக்கு, அதனால நான் "ஒத்துப்பாத்தல்"தான் சொல்லுவேன். கட்டத்துக்கு "வித்தியாச வரம்பு"ன்னு போடுங்க, வித்தியாசம் அங்க இருக்குன்னு பேரே சொல்லட்டும்.

தோவாளையிலிருந்து:

இத்தன நாளும் வாசிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். வித்தியாசம் வடமொழி இல்லையா, "வேறுபாட்டு வரம்பு"ன்னு போடலாமே. பூ மார்க்கெட்ல நாங்க "சில்லறைய விட்டுட்டோம்"னு சொல்லுவோம், அதுலருந்து "விடுவரம்பு"ன்னும் ஒண்ணு வருது, சின்னதா இருக்கு.

தக்கலையிலிருந்து:

விடுவரம்பு கேக்க நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா "விடு"ன்னதுமே மறுபடியும் விட்டுட்டாங்கன்னு ஆயிரும். வேறுபாடுன்னா எனக்கு எதிர்ப்பு இல்ல, கணக்கு எழுதவங்க வாயில எப்பமும் வாறது வித்தியாசம்தான், அதனால சொன்னேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, அந்த 100.01 எங்க சாஃப்ட்வேர்லயும் இருக்கான்னு இன்னைக்கு பாத்தேன், இருக்கு. ஒரு சந்தேகம், பில் நம்பர் இல்லாத ஸ்டேட்மென்ட்னா தொகைய வச்சே ஜோடி சேக்கலாமா, வரம்புக்குள்ள இருந்தா போதும்னு?

தக்கலையிலிருந்து:

ஆபத்து தம்பி. ஒரே நாள்ல 1509.09ம் 1509.80ம் ரெண்டு பேரு பால் ஊத்தியிருந்தா யாரு யாரோட ஒத்தாங்கன்னு சொல்ல முடியாது. அதோட அ ஆவோட ஒக்கும், ஆ இயோட ஒக்கும், ஆனா அவும் இயும் வரம்புக்கு வெளிய நிக்கும், அதனால வரம்பு வச்சு கும்பல் பிரிக்கவே கூடாது. தேதி, பால் கிலோ, டிஆர்சி மூணும் அச்சா ஒக்கணும், அதுக்கப்புறம்தான் தொகைக்கு வரம்பு.

குலசேகரத்திலிருந்து:

ஷீட்ட மாத்திட்டேன். கட்டத்துக்கு இப்போதைக்கு "வித்தியாச வரம்பு", அதுல எண்ணு கையால அடிக்க முடியாது, ரேட்ட வச்சு அதுவே 0.005 தடவ பெருக்கி அரை பைசா சேத்து எடுத்துக்கும். பச்சைய ரெண்டாப் பிரிச்சேன், சுத்தமா ஒத்தது "நேர்", மத்தது "வரம்புக்குள்", கீழ வித்தியாசத்துக்க மொத்தம் குறியோட நிக்கும். அந்த அக்காகிட்ட காட்டுனேன், "வரம்புக்குள்"ன்னா என்னன்னு கேக்கல, ஆனா "நேர்"னா என்னன்னு கேட்டாங்க, அதுக்கு வேற சொல்லு இருந்தா சொல்லுங்க. கம்பெனிக்கு மூணு பில்லோட கடிதம் நேத்து போயிட்டு, பதில் இன்னும் வரல.