தீபாவளி முறுக்கு ஆர்டர்: விலை, பேக்கிங் பத்தி உதவி வேணும்

அக்கா, தங்கச்சிங்களா, வீட்டுலயே முறுக்கு சுட்டு விக்கிறேன், போன தீபாவளிக்கு 40 கிலோ ஆர்டர் எடுத்துட்டு கடைசி ரெண்டு நாள் தூங்கவே இல்ல. ஒரே சட்டி, ஈடுக்கு ஆறு முறுக்கு, மணிக்கு ரெண்டு கிலோ தாண்டல. அவசரத்துல கடைசி 5 கிலோவ சூடு ஆறாமலே கவர்ல போட்டு சீல் வச்சேன், உள்ள ஆவி வேர்த்து காலைல நமுத்துப் போச்சு, பணத்த திருப்பிக் குடுத்தேன்.

மாவு, எண்ணெய் மட்டும் பாத்து கிலோ 280னு வச்சேன், கேஸ், கவர், ஒத்தாசைக்கு வந்தவங்க கூலி சேத்தா அடக்கமே 265, என் உழைப்புக்கு 15 ரூபாதான். இந்த தடவ ஒரு நாளைக்கு 10 கிலோ, அதுக்கு மேல ஆர்டர் எடுக்கப் போறதில்ல, பாதி அட்வான்ஸ். 360 சொன்னா வாங்குவாங்களா? உடையாம பஸ்ல அனுப்ப டப்பா நல்லதா, தடிமனான கவரா? செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.