காரம் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், படி ஏறினாலும் எரிகிறது: அசிடிட்டியா, இதயமா?

சாட்ஸ்வர்த்காரன்
வணக்கம். வயது 54, எட்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கு அம்லோடிபைன் போடுகிறேன். காரம் சாப்பிட்டால் நடு நெஞ்சில், எலும்புக்குப் பின்னால் எரிவது எனக்குப் பழகிப்போனது, ஈனோ குடித்தால் ஏப்பம் வந்து அடங்கிவிடும். ஆனால் மூன்று வாரமாக வேறு மாதிரி. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, சாலையிலிருந்து 40 படி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மட்டன் கறி சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினால் பாதிப் படியில் எரிச்சல் பிடிக்கிறது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது, கூடவே ஏப்பமும் வருகிறது. ஓமிப்ரசோல் 20 தொடங்கலாமா?

ஃபீனிக்ஸ் அக்கா
தம்பி, ஏப்பம் விட்டதும் குறைகிறது என்றால் அது வாயுதான். ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். நான் அப்படித்தான் சரியானேன்.

டோங்காட் மாமா
எனக்கும் இதேதான், கடைசியில் பித்தப்பையில் கல் என்றார்கள். ஸ்கேன் எடுங்கள்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்
அக்கா சொன்ன செங்கல், மூன்று மணி நேரம் இரண்டும் அமிலத்துக்குச் சரியான வழிதான். ஏப்பத்தை வைத்து முடிவு கட்டுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. அவசரப் பிரிவில் இருந்த வருடங்களில், மாரடைப்போடு வந்தவர்களே "கேஸ்தான் சிஸ்டர், ஈனோ குடித்தேன், கொஞ்சம் தேவலை" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அண்ணா, எது தூண்டுகிறது என்று பாருங்கள். அமிலம் என்றால் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தாலே எரியும், செருப்பு மாட்டக் குனிந்தால், படுத்தால் கூடும், புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், ஒரு மணி நேரம்கூட இழுக்கும். உங்களுக்கோ ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது. இது இதயத்தின் போக்கு. வயிறு நிறைந்திருக்கும்போது குடலுக்கும் ரத்தம் நிறையத் தேவை, இதயத்துக்கு வேலை கூடும், அந்த நேரத்தில் படியும் ஏறினால் அடைப்புள்ள குழாயால் ஈடுகொடுக்க முடியாது. அதனால்தான் பழி கறிமேல் விழுகிறது. அம்லோடிபைன் அமிலத்தையும் மேலே வரவிடும் என்பதால் உங்களுக்கு இரண்டுமே இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், வெறும் வயிற்றில் எப்போதாவது வந்ததா? சோதித்துப் பார்க்க ஏற வேண்டாம், யோசித்துச் சொன்னால் போதும்.

சாட்ஸ்வர்த்காரன்
யோசித்தால், போன வெள்ளிக்கிழமை விரதம், டீகூடக் குடிக்கவில்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அதே இடத்தில் எரிந்தது, இடது தாடையும் கனத்த மாதிரி இருந்தது. பல்வலி என்று விட்டுவிட்டேன்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்
அப்படியென்றால் ஓமிப்ரசோல் கேள்வியை ஓரமாக வையுங்கள். புதிதாகத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, சர்க்கரை வேறு. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள், யாராவது கூட்டிப் போகட்டும். அங்கே "நெஞ்செரிச்சல்" என்று தொடங்காமல் "ஏறினால் நெஞ்சும் தாடையும் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது" என்று சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைப்பதும் உடனே ஈசிஜி எடுப்பதும் பெரும்பாலும் அந்த முதல் வாக்கியத்தைப் பொறுத்தது.

போகும் முன்பே சும்மா இருக்கும்போது வந்து, பத்து நிமிடத்தில் போகாவிட்டால், அல்லது வியர்த்துக் கொட்டினால் ஆம்புலன்ஸ்தான், நம் தென்னாப்பிரிக்காவில் 10177, செல்போனில் 112. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும், ரத்தக்கசிவுத் தொல்லை இல்லை என்றால் 300 மில்லிகிராம் மென்று விழுங்குங்கள்.

ஃபீனிக்ஸ் அக்கா
தாடை என்றதும் பயமாகிவிட்டது தம்பி. நான் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த்காரன்
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஈசிஜி நார்மல், ரத்தப் பரிசோதனை சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, அதுவும் நார்மல். அப்பாடா என்று கிளம்பப் பார்த்தேன், டாக்டர் விடவில்லை. படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி படி ஏறும்போது நடப்பதைக் காட்டாது என்றார். தினமும் ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ஓமிப்ரசோலும் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. இதய நிபுணரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம். நாக்குக்கு அடியில் அடிக்கும் ஸ்ப்ரேயும் தந்தார். நேற்று எரிந்தபோது அடித்தேன், உடனே நின்றது. அப்போது இதயம்தான் என்று உறுதியா?

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்
உறுதியில்லை அண்ணா. உணவுக்குழாய் இழுத்துப் பிடித்தாலும் அந்த ஸ்ப்ரேயில் விடும், ஈனோவில் குறைந்தது எப்படி அமிலத்துக்குச் சாட்சி இல்லையோ அப்படித்தான் இதுவும். உட்கார்ந்துகொண்டு அடியுங்கள், தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் ஆம்புலன்ஸ். நேற்று எரிந்தது ஏறும்போதா, உட்கார்ந்திருக்கும்போதா?

சாட்ஸ்வர்த்காரன்
டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்
புளிப்பு எதுவும் தொண்டைக்கு வந்ததா? வராவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், சும்மா இருக்கும்போதும் வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாகலாம். இப்போதே அந்த டாக்டருக்குப் போன் பண்ணி இதை அப்படியே சொல்லுங்கள்.