ஆய்வு அட்டவணையில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன: உதவி தேவை

வணக்கம். உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் விவசாயிகளிடம் எடுத்த ஆய்வின் எக்செல் அட்டவணையைச் சரிசெய்து வருகிறேன். பேட்டிகள் அனைத்தும் 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்தவை. பதிவு செய்த கணினிகளில் ஒன்றில் அமெரிக்க முறைத் தேதி அமைப்பு இருந்திருக்கிறது. அதில் 03/07/2023 என்று அடித்தது மார்ச் 7 ஆகிவிட்டது. 25/07/2023 மட்டும் தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் கோளாறே தெரிந்தது.

மூலப் பத்தியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டேன்:

```
=IF(ISTEXT(B2),DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)),
IF(OR(MONTH(B2)=7,MONTH(B2)=8),B2,DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2))))
```

ஏறக்குறைய எல்லாம் சரியாகிவிட்டன. மிஞ்சுவது ஜூலை 8, ஆகஸ்ட் 7 மட்டும். இடம் மாற்றினாலும் இரண்டும் ஆய்வுக் காலத்துக்குள்ளேயே விழுகின்றன. எந்த வரிசை எந்தக் கணினியில் பதிவானது என்ற குறிப்பு கோப்பில் இல்லை. படிவ எண்களின் வரிசையை வைத்து, முன்னும் பின்னும் உள்ள தேதிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாமா? அல்லது அவற்றை வெற்றிடமாக விடுவதுதான் நேர்மையா? மழைக்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்கப் போவதால் ஒரு மாத வித்தியாசம் முடிவையே மாற்றிவிடும்.

இன்னொன்று: நிலப்பரப்புப் பத்தியில் அலகில்லாமல் வெறும் 40 என்று சில இடங்களில் இருக்கிறது. 40 சென்ட் என்றால் 0.4 ஏக்கர்தான். விதைநெல் அளவை வைத்து இதைத் தீர்மானித்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.